தாங்குகிறவரின் உடம்பு

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளர் நடத்திய ஆய்வு ஒன்று 1995ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. அதில் 26 பெண்கள் பங்கேற்றார்கள். 13 பேர் மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்பவர்கள். மற்ற 13 பேருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. இரு தரப்புக்கும் வயதும் குடும்ப வருமானமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி பார்த்து எடுத்திருந்தார்கள். எல்லோருடைய முன்கையிலும் மரத்துப்போகும் ஊசி போட்டு, 3.5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்னக் காயத்தை உண்டாக்கினார்கள். அது எத்தனை நாளில் ஆறுகிறது என்பதுதான் ஆய்வு.

காயத்தை அவ்வப்போது படம் எடுத்து அளந்தார்கள். அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடை விட்டும் பார்த்தார்கள். புண் திறந்திருந்தால் நுரைக்கும், முழுக்க மூடிவிட்டால் நுரைக்காது. பொறுப்பு இல்லாத பெண்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 39.3 நாள் ஆனது. நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு 48.7 நாள். ஒரே அளவுக் காயம், ஏறக்குறைய ஒரே வயது, ஆனாலும் ஒன்பது நாளுக்கு மேல் வித்தியாசம்.

நோயாளியைப் பார்த்துக்கொண்ட இந்தப் பெண்களில் யாரும் படுத்த படுக்கையாக இல்லை. அன்றாடம் அந்தப் பொறுப்பைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். நம் வீடுகளில் "அவ இருக்கா, அவ பாத்துப்பா" என்று எல்லோரும் நிம்மதியாக நம்பியிருக்கும் அந்த ஒரு ஆள் போலத்தான் அவர்களும் இருந்தார்கள். வெளியே ஒன்றும் தெரியாதபோதே அவர்கள் உடம்பு தன்னைப் பழுதுபார்க்கும் வேலையில் பின்தங்கியிருந்தது. தாங்குகிறவரின் பலம் குறைவதை அவருடைய பேச்சிலோ முகத்திலோ தேடினால் தாமதமாகத்தான் தெரியும் என்று இந்தச் சின்ன ஆய்வு நினைக்கவைக்கிறது.

சுரப்பி வற்றுவதில்லை

பலம் தீர்ந்துபோவது என்றால் உள்ளே எதுவோ காலியாகிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். நெருக்கடி வரும்போது மூளையின் ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்கிறது, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பிக்குச் சொல்கிறது, அட்ரினல் கார்ட்டிசாலைச் சுரக்கிறது. நெருக்கடி ஆண்டுக்கணக்கில் நீண்டால் சுரப்பி களைத்து வற்றிவிடும் என்று சொல்லி, 'அட்ரினல் களைப்பு' என்ற பெயரில் மாத்திரைகளும் சத்துப் பொடிகளும் விற்கப்படுகின்றன. நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் அப்படி ஒரு நோய் இருப்பதாக ஏற்பதில்லை. அட்ரினல் உண்மையிலேயே செயலிழக்கும் அடிசன் நோய் வேறு. அது அரிதானது, ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நீண்ட காலம் தாங்குகிறவர்களிடம் கண்டது வேறொன்று. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளின் பெற்றோரையும், ஆரோக்கியமான குழந்தைகளின் பெற்றோரையும் கிரெகரி மில்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒப்பிட்டார்கள். அந்த ஆய்வு 2002ல் வெளியானது. கார்ட்டிசால் இயல்பாகவே விடிந்ததும் உயர்ந்து, பகல் முழுவதும் படிப்படியாக இறங்கி, நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாக இருக்கும். புற்றுநோய்க் குழந்தைகளின் பெற்றோரிடம் இந்த ஏற்ற இறக்கம் தட்டையாகியிருந்தது. குறிப்பாகக் காலைச் சுரப்பு குறைந்திருந்தது.

அடுத்து அவர்களுடைய ரத்தத்தைக் குழாயில் எடுத்து, அதிலுள்ள வெள்ளணுக்களை அழற்சிக்குத் தூண்டினார்கள். பிறகு கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்யும் செயற்கை மருந்து ஒன்றைச் சேர்த்தார்கள். ஆரோக்கியமான குழந்தைகளின் பெற்றோர் ரத்தத்தில் அந்த மருந்து அழற்சிப் பொருளின் உற்பத்தியை நன்றாக அடக்கியது. மற்றவர்கள் ரத்தத்தில் அவ்வளவாக அடங்கவில்லை. 'போதும், நிறுத்து' என்ற கட்டளை வந்தும் அணுக்கள் அதைச் சரியாக ஏற்கவில்லை. வீட்டில் ஒருவர் ஓயாமல் கத்திக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் அதைக் காதில் வாங்காமல் தங்கள் வேலையைப் பார்க்கப் பழகிவிடுவதைப் போன்றது இது.

அணு கேட்காமல் போனால் என்ன ஆகும்? கார்ட்டிசாலின் வேலைகளில் ஒன்று, அழற்சியைத் தேவைக்கு மேல் போகவிடாமல் கட்டுப்படுத்துவது. அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தால், காயமோ கிருமியோ இல்லாதபோதும் உடம்பில் மெல்லிய அழற்சி தங்கிவிடுகிறது. ஒஹாயோ குழு, மறதி நோயாளிகளான கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டவர்களை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் பொருள் அவர்கள் ரத்தத்தில் கூடிய வேகம், மற்றவர்களைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. நோயாளி இறந்து சில ஆண்டுகள் ஆன பிறகும் அந்த வேகம் குறையவில்லை. காரியம் முடிந்ததும் 'இனி நிம்மதியா ஓய்வெடு' என்று ஊர் சொல்கிறது. உடம்பு அந்தத் தேதியில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை.

முகத்தில் மறைத்தால் உடம்பில் ஏறும்

தாங்குகிறவருக்கு வேலையோடு கூடவே இன்னொரு கடமையும் உண்டு. கலங்காத முகத்தைக் காட்ட வேண்டும். அம்மா முன்னால் அழக்கூடாது, பிள்ளைகள் பயந்துவிடுவார்கள், தம்பியிடம் சொன்னால் அவன் அங்கே வேலையில் கவனம் வைக்க முடியாது. இப்படி அடக்குவதற்கும் உடம்பு ஒரு விலை கொடுக்கிறது. ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் ஆகிய உளவியலாளர்கள் 1993ல் வெளியிட்ட ஆய்வில், அறுவைச் சிகிச்சைக் காட்சிகள் உள்ள படம் ஒன்றைச் சிலருக்குக் காட்டினார்கள். ஒரு பிரிவினரிடம், பார்க்கிறவருக்கு உங்கள் உணர்ச்சி தெரியாதபடி நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் முகத்தை நன்றாகவே அடக்கினார்கள். உள்ளே தோன்றிய அருவருப்பு மட்டும் குறையவில்லை. தோலின் வியர்வை, விரலுக்குப் போகும் ரத்த ஓட்டம் போன்ற அளவீடுகளில் நரம்பு மண்டலத்தின் பரபரப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தது.

இதில் குடும்பத்துக்கு இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. மறைத்த முகத்தைப் பார்த்து மற்றவர்கள், எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று முடிவு செய்கிறார்கள். உதவி தேவை என்பதற்கான அறிகுறியே போய்ச் சேருவதில்லை. ஒரு வேலையைச் சத்தமில்லாமல் செய்து முடிப்பவரிடம் அடுத்த வேலையும் வந்து சேருகிறது.

எல்லோருக்கும் இப்படி ஆகுமா?

ஆகாது. இந்தத் துறையில் மறைக்கக்கூடாத உண்மை இது. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் 1999ல் வெளியிட்ட ஆய்வில், 66 வயதுக்கு மேற்பட்ட 392 பேர் நோயாளித் துணையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்பில்லாத 427 பேரோடு அவர்களை ஒப்பிட்டார்கள். பார்த்துக்கொள்வது தமக்குச் சுமையாக இருக்கிறது என்று சொன்னவர்களுக்கு, நான்கு ஆண்டுகளில் இறக்கும் அபாயம் 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. பார்த்துக்கொண்டாலும் சுமையாகத் தெரியவில்லை என்றவர்களிடம் அப்படிக் குறிப்பிடத்தக்க கூடுதல் அபாயம் காணப்படவில்லை.

2013ல் டேவிட் ராத் குழு இன்னும் பெரிய கணக்கை வெளியிட்டது. அமெரிக்காவில் 45 வயதுக்கு மேற்பட்ட, குடும்பத்தில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் 3,503 பேரை, பல வகையிலும் அவர்களுக்கு இணையான 3,503 பேரோடு ஒப்பிட்டார்கள். பார்த்துக்கொள்பவர்களின் இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைவாகவே இருந்தது. அதே குழு பின்னர் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அழற்சியிலும் நோயெதிர்ப்பிலும் தெரியும் பாதிப்பு சராசரியில் சிறிதுதான் என்றும் சொன்னது.

இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதுபோலத் தோன்றினாலும், அவற்றில் அளக்கப்பட்டவர்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. வாரத்தில் சில மணி நேரம் அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவரும் பார்த்துக்கொள்பவர்தான். இரவும் பகலும், விடுப்பே இல்லாமல், மாற்று ஆள் இல்லாமல் இருப்பவரும் பார்த்துக்கொள்பவர்தான். முதலாமவருக்கு அந்த வேலை நடமாட்டமும் அர்த்தமும் உறவும் தரலாம். இரண்டாமவரிடம் காயம் ஆறத் தாமதமாகலாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'ஒருவரைப் பார்த்துக்கொள்வது கெடுதலா' என்பது அல்ல. எப்போது அது சுமையாகிறது என்பதுதான் கேள்வி.

சுமையை எது தீர்மானிக்கிறது?

இதற்கு முதலில் கிடைத்த விடை பலரையும் வியக்கவைத்தது. 1980ல் ஸ்டீவன் ஸாரிட்டும் சக ஆய்வாளர்களும், மறதி நோய் வந்த 29 முதியவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொண்ட உறவினர்களையும் ஆராய்ந்தார்கள். இன்று உலகம் முழுவதும் பயன்படும் ஸாரிட் சுமை அளவுகோல் பிறந்தது அந்த ஆய்வில்தான். நோயாளி எவ்வளவு மறக்கிறார், எவ்வளவு தொந்தரவு தருகிறார் என்பதற்கும், உறவினர் உணரும் சுமைக்கும் நேரடித் தொடர்பு இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி இல்லை. மற்ற உறவினர்கள் எவ்வளவு அடிக்கடி வந்து பார்த்தார்கள் என்பதோடுதான் சுமை சேர்ந்து மாறியது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் வந்துபோன வீடுகளில் சுமை குறைவு. 29 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. சுமை குறைந்த வீட்டுக்கு உறவினர்கள் விரும்பி வருகிறார்கள் என்றும் வாதிடலாம். அதனால் வேண்டுமென்றே உறவினர்களை ஈடுபடுத்திப் பார்க்கும் சோதனை தேவைப்பட்டது.

அதை நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் செய்தார். அல்சைமர் நோய் வந்த துணையை வீட்டில் பார்த்துக்கொண்ட 406 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான உதவி. மற்ற பிரிவுக்கு, பார்த்துக்கொள்பவரோடு தனியாக இரண்டு முறை பேச்சு, அவர் சொல்லும் குடும்பத்தினரையும் சேர்த்து நான்கு முறை பேச்சு, பிறகு அதே நிலையில் உள்ளவர்களின் குழு, தேவைப்படும்போது போனில் ஆலோசனை. நோயாளிக்குப் புதிய மருந்து எதுவும் கிடையாது. 2006ல் வெளியான முடிவின்படி, இந்த உதவி பெற்றவர்கள் நோயாளியை முதியோர் காப்பகத்தில் சேர்க்க வேண்டிய நாள், இடைநிலைக் கணக்கில் 557 நாள் தள்ளிப்போனது. இந்தத் தாமதத்தின் பெரும்பகுதிக்குக் காரணம், சுற்றியிருப்பவர்களின் ஆதரவு போதுமானதாக இருக்கிறது என்ற நிறைவு கூடியதும், நோயாளியின் நடத்தையைப் பொறுத்துக்கொள்ள முடிந்ததும், மனச்சோர்வு குறைந்ததும்தான்.

ஒன்றரை வருடத்துக்கும் மேல் ஒருவரின் தாக்குப்பிடிக்கும் காலம் நீண்டிருக்கிறது. அவருக்கு மன உறுதியைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவில்லை. அவரைச் சுற்றியிருந்தவர்களை நான்கு முறை உட்காரவைத்துப் பேசினார்கள்.

ஒரு வீட்டுக் கணக்கு

நம் ஊர் வீடு ஒன்றைக் கற்பனையாக வைத்துப் பார்க்கலாம். கும்பகோணத்தில் 78 வயது அம்மா, மறதி நோய் நடுக்கட்டத்தில் இருக்கிறது. 54 வயது மூத்த மகள் கூடவே இருக்கிறார். பெங்களூரில் தம்பி, மாதாமாதம் பணம் அனுப்புகிறார். திருச்சியில் தங்கை, தினமும் போன் செய்கிறார். மூவருக்கும் அம்மா மேல் பிரியம் குறைவில்லை. போனை வைக்கும்போது இருவரும் மறக்காமல் சொல்வது, "அக்கா, ஏதாச்சும் வேணும்னா சொல்லு."

அந்த வாக்கியம்தான் சிக்கல். அலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளிடம் பேசி 2019ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு வேலையில் மூளை செய்யும் வேலையை நான்காகப் பிரித்தார். என்ன தேவைப்படப்போகிறது என்று முன்கூட்டியே உணர்வது, அதற்கு என்னென்ன வழி என்று தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று பின்தொடர்வது. 'வேணும்னா சொல்லு' என்பதில் இந்த நான்கும் அக்காவிடமே தங்கிவிடுகின்றன. கைவேலை மட்டும்தான் கைமாறுகிறது. சொல்வதற்குள் தானே செய்துவிடலாம் என்று அக்காவுக்குத் தோன்றுவதும் அதனால்தான்.

கும்பகோணத்து அக்காவின் ஒரு வாரத்தை எழுதிப் பார்த்தால் மூன்று வகை வேலை இருக்கும். முதலாவது, தொட்டுச் செய்வது: குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து கதவைத் திறக்கப்போகும் அம்மாவைத் திரும்பப் படுக்கவைப்பது. இரண்டாவது, அலைவது: மருத்துவர், மருந்துக்கடை, வங்கி, குடும்ப ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்ச் சான்று. மூன்றாவது, நினைவில் வைப்பது: எந்த மாத்திரை எப்போது தீரும், அடுத்த பரிசோதனை என்றைக்கு, எந்த உறவினருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும்.

பணம் முதல் வகையில் ஒரு பகுதியை வாங்கித் தரும். வாரத்தில் மூன்று இரவு உதவிக்கு ஆள் வைத்தால் அந்த மூன்று இரவு அக்கா வேறு அறையில் முழுத் தூக்கம் தூங்கலாம். இதுதான் முதலில் செய்ய வேண்டியது. இரவு விட்டுவிட்டு விழித்திருக்கும் உடம்பில் மற்ற எந்த உதவியும் முழுதாகப் பயன்படாது. மூன்றாவது வகைக்குத் தூரம் தடையே இல்லை. மருந்தை எல்லாம் தம்பி எடுத்துக்கொள்ளட்டும். மருந்துச் சீட்டின் படம் அவரிடம் இருக்கும், மாத்திரை தீருவதற்கு முந்தைய வாரமே அவர் பெங்களூரிலிருந்தே அடுத்த மாத்திரை வீட்டுக்கு வர ஏற்பாடு செய்துவிடுவார், அக்கா நினைவூட்ட வேண்டியதில்லை. ஓய்வூதியமும் வங்கியும் தங்கை பொறுப்பு. மாதத்தில் ஒரு சனி ஞாயிறு தம்பியோ தங்கையோ வந்து அம்மா அறையில் படுக்க வேண்டும், அக்கா அன்று வீட்டிலேயே இருக்கக்கூடாது. வந்தவர் அக்காவிடமே 'சாப்பாடு என்ன' என்று கேட்டால் அது விருந்து, உதவி ஆகாது.

இதில் தடுமாறும் இடமும் ஒன்றுண்டு. தம்பி முதல் மாதம் ஒரு மாத்திரையை மறப்பார். அக்கா உடனே 'விடு, நானே பாத்துக்கறேன்' என்று திரும்ப எடுத்துக்கொள்வார். அங்கேதான் பங்கீடு உடைகிறது. பழகும் வரை ஒரு மாத இருப்பைக் கூடுதலாக வாங்கி வைத்துவிட்டால், தம்பியின் தவறு அம்மாவைப் பாதிக்காது. பொறுப்பும் அவரிடமே இருக்கும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

தாங்குகிறவர் தானாகச் சொல்லமாட்டார் என்பதால், கேட்பவர் 'நல்லா இருக்கியா' என்று கேட்பதில் பயனில்லை. பதில் முன்பே தயாராக இருக்கும். நடந்ததைக் கேட்க வேண்டும். உன் பிரஷர் மாத்திரையை இந்த வாரம் எத்தனை நாள் போட்டாய்? கடைசியாக உனக்காக மருத்துவரிடம் போனது எப்போது? அமெரிக்க ஆய்வுகளில், அதிகமாகப் பார்த்துக்கொள்பவர்கள் தங்கள் மருந்தைத் தாங்களே மறப்பதும், உடம்பு சரியில்லாதபோதும் படுக்க நேரமில்லாமல் போவதும் பதிவாகியிருக்கின்றன. படுத்தாலும் தூக்கம் வராமை, முன்பு பிடித்தது எதிலும் நாட்டமின்மை, நோயாளியிடம் கத்திவிட்டு உடனே குற்றவுணர்வில் தவிப்பது போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வெறும் களைப்பாக இல்லாமல் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. அரசின் டெலி-மானஸ் எண் 14416ல் தமிழிலும் பேசலாம். இனி வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்துவிட்டால் ஒரு நாளும் காத்திருக்கக்கூடாது.

உங்கள் வீட்டில் தாங்குகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை போன் செய்யும்போது 'ஏதாச்சும் வேணும்னா சொல்லு' என்று சொல்லாதீர்கள். அவர் செய்யும் வேலைகளில் ஒன்றைப் பெயர் சொல்லிக் கேட்டு, நினைவில் வைப்பது உட்பட முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள்.